சார்ஜரிலேயே கிடந்த போன்

அட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தடவு தடவினால் எனக்குப் போதும். எத்தனை அடுக்கு, பசை சரியாகக் காய்ந்ததா, லாரியில் வரும்போது மழையில் நனைந்ததா என்று சொல்லிவிடுவேன். மில்லில் இருந்து வருகிற படித்த பிள்ளைகள் மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா சொன்னதுதான் சரி" என்று என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சிம்மக்கல்லில் மூட்டை தூக்கி, அட்டைப்பெட்டிக் கடையில் கட்டுப் பிரித்து, கடைசியில் கப்பலூரில் சொந்தமாக அட்டைப்பெட்டி கம்பெனி போட்டேன். ஷெட்டுக்குக் கால் ஊன்றியதில் இருந்து தகரம் போட்டது வரை எந்த இன்ஜினியரும் வரவில்லை. நான் காலால் கோடு கிழித்தேன், கொத்தனார் கட்டினார். இன்றைக்கும் நிற்கிறது.

இந்தப் பெருமையை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மூட்டை தூக்கிய காலத்தில் இருந்து என்னோடு ஒருவன் இருந்தான். திருமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம் அவனுக்கு. அப்போது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனி ஆரம்பித்த அன்று, வேலைக்கு வந்த பெண்கள் முன்னால், அவனாகவே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். "இனிமே அப்படித்தான். நாலு பேரு நம்மள மதிக்கணும்ல" என்றான். நான் மட்டும் அவனைக் கடைசி வரை மாப்ள என்றே கூப்பிட்டேன். மேஸ்திரி அவன்தான். சாவியும் அவனிடம்தான்.

போன வருஷம் எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. இரண்டு மாசம் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிக்கு ஒரு நாள் போகாமல் இருந்தவன் இல்லை நான். பொங்கலுக்குக்கூடக் கதவைத் திறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். நான் கட்டிலில் புலம்பியதைப் பார்த்துவிட்டு என் மகள் ஒரு யோசனை சொன்னாள். புதுப் போன் வாங்கியதால் அவளுடைய பழைய போன் சும்மா கிடந்தது. அதில் ஏதோ ஒன்றை ஏற்றி, என் போனிலும் ஏற்றி, அதைக் கம்பெனியில் வைத்தால் இங்கே படுத்துக்கொண்டே அங்கே நடப்பதைப் பார்க்கலாம் என்றாள்.

"நிஜக் கேமராவே வச்சிரலாம்ப்பா" என்றும் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். நல்லா இருக்கிற பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவது என் ரத்தத்தில் இல்லை. என் கம்பெனியில் ஓடுகிற, பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிற மிஷின், வேறொருவர் பழைய இரும்புக்குப் போட இருந்தது. நான் எடுத்து வந்து ஓட்டுகிறேன்.

போன் வைக்கத் தச்சரிடம் ஒரு தாங்கி செய்து வாங்கினேன். கீழே ஒரு பள்ளம், பின்னால் ஒரு பலகை. போன் பள்ளத்தில் காலை ஊன்றி, பலகையில் முதுகைச் சாய்த்து நிற்கும். முன்பக்கக் கேமரா ஷெட்டைப் பார்க்கும். ஆபீஸ் ரூமின் வெளிச் சுவரில், தகரத்துக்கு இரண்டு முழம் கீழே அதை அடித்தார்கள். பக்கத்திலேயே பிளக். "சார்ஜர்லயே கிடக்கட்டும்ப்பா, எடுத்தா ஆஃப் ஆயிரும்" என்றாள் மகள். அப்படியே கிடந்தது. ஒரு நாள்கூடப் பிளக்கை எடுக்கவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது, நான் வீட்டில் இருந்தே போனில் சொல்லி, அந்தப் போனுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் கட்டிலில் இருந்தபடி என் கம்பெனியைக் காட்டினேன். "படிக்காத ஆளு, எப்படிப் பிடிச்சிருக்காரு பாரு" என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாசம் என்றது நீண்டுகொண்டே போனது. முட்டி வீங்கியது, சீழ் பிடித்தது, மறுபடி ஆஸ்பத்திரி. மாசி வந்தும் நான் வீட்டில்தான் இருந்தேன். காலையில் இருந்து சாயங்காலம் வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எத்தனை முறை தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் பார்த்தேன். லாரி வந்து நிற்கும் பெரிய கதவின் மேல் சட்டம் படத்தில் இல்லை. கதவு பாதியில் வெட்டியது போல இருந்தது. ஒரு வாரம் போனது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. போன் குனிந்துகொண்டே வந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, கேமராவ யாரு தொட்டது?"

"யாரும் தொடலண்ணே. அது அம்புட்டு உயரத்துல இருக்கு, யாரு தொடப்போறா?"

"கதவு தெரிய மாட்டேங்குது. நிமித்தி வையி."

அவன் ஏணி போட்டு ஏறி நிமிர்த்துவதை நானே படத்தில் பார்த்தேன். அவன் முகம் திரை முழுக்க வந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போனின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான். இறங்கிப் போனில் எனக்குப் பேசினான்.

"அண்ணே, இது கொதிக்குது. பின்பக்கம் மூடி லேசாப் பொங்குன மாதிரி இருக்கு. கழட்டிருவமா? நீங்க வந்ததும் வேற போட்டுக்கலாம்."

கழற்றிவிடுவோமா என்ற அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. முப்பது வருஷம் பழகியவன் என்றால் அவன் வாயைப் பார்த்தே மனசு தெரியும் என்று சொல்லிக்கொண்டவன் நான். கட்டிலில் கிடக்கிற ஆளுக்குப் புத்தி எப்படி ஓடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கேமரா ஏன் கதவை விட்டு இறங்குகிறது? மற்ற எல்லாம் தெரிகிறது, கதவு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது? சாவி யாரிடம் இருக்கிறது? கழற்றச் சொல்வது யார்?

"கழட்ட வேணாம். நல்லா அழுத்தி வச்சு, பிரவுன் டேப்பப் போட்டுச் சுத்து" என்றேன். எங்கள் தொழிலில் எதற்கும் அதுதான் வைத்தியம். பெட்டி பிரிந்தாலும் டேப், மிஷின் மூடி ஆடினாலும் டேப், சுவரில் காலண்டர் நிற்கவில்லை என்றாலும் டேப்.

"அழுத்தக் கூடாதுண்ணே. உள்ள என்னமோ பொடச்சிருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு என்ன பயம்?"

அவன் ஏணியை மடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் சுத்த மாட்டேன்ணே" என்றான். அவன் என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் வேறொருவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஏறி, போனைப் பலகையோடு சேர்த்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, கேமராவை மட்டும் விட்டுவிட்டு நாலு சுற்றுச் சுற்றினான். படம் நிமிர்ந்தது. கதவு முழுதாகத் தெரிந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பத்து நாளில் மறுபடி குனிந்தது. அதோடு இன்னொன்றையும் பார்த்தேன். போனுக்கு நேர் கீழே எப்போதும் ஆள் உயரத்துக்கு அட்டைக் கட்டு அடுக்கியிருக்கும். மேஸ்திரி அதை எல்லாம் எடுத்து எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது. கதவுக்குப் போக வழி செய்கிறான் என்று எனக்குப் பட்டது. சரக்கு குறைந்ததா என்று மகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். எதுவும் குறையவில்லை. குறையவில்லை என்றதும் அவன் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் ஆதாரம் இல்லாததே பெரிய ஆதாரமாகிவிடுகிறது.

மறுநாள் டாக்டரிடம்கூடக் கேட்கவில்லை. கைத்தடியோடு காரில் ஏறிக் கப்பலூருக்குப் போனேன். பத்தரை மணி, டீ நேரம். பெண்களும் ஆண்களுமாகப் பத்துப் பேர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "என்னண்ணே, சொல்லாமக் கொள்ளாம. கால் எப்படி இருக்கு?"

நான் கையை உதறினேன்.

"கேமராவத் திருப்புறது எதுக்கு?"

அவனுக்குப் புரியவில்லை. மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"டேப்புப் போட்டும் இறக்கி விட்டிருக்க. கதவு வழியா என்ன போகுது? எனக்குத் தெரியாம என்ன போகுதுன்னு கேக்குறேன்."

யாரும் டீயைக் குடிக்கவில்லை. அவன் பதில் சொல்லியிருந்தால், திருப்பித் திட்டியிருந்தால், நான் ஒருவேளை அடங்கியிருப்பேன். அவன் இடுப்பில் இருந்து சாவிக்கொத்தை எடுத்தான். மேஜையில் சத்தம் வராமல் வைத்தான்.

"சரிங்க முதலாளி" என்றான்.

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனிடம் வண்டி இருந்தது, பெட்ரோல் வேண்டாம் என்று சைக்கிளில் வருவான். சர்வீஸ் ரோட்டில் அவன் முதுகு சின்னதாகிப் போகும்வரை நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. முதலாளிக்கு அழகு அதுதான் என்று நினைத்தேன்.

அவன் போன பிறகும் படம் குனிந்தது.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உள்ளே அவன் ஆள் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்தேன். மிச்சம் இருந்தவர்களையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். சித்திரை பிறந்தது. தகரத்துக்குக் கீழே வெயில் எப்படி இறங்கும் என்று கப்பலூரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் படம் நின்றே போனது.

அதற்குள் நான் தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்திருந்தேன். போய்க் கழற்றச் சொன்னேன். டேப்பை அறுத்ததும் போனின் பின்மூடி தானாகத் தெறித்து விழுந்தது. ஏதோ நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பாக ஒரு வாடை அடித்தது. நான் மூடியை மறுபடி அமுக்கிப் பார்த்தேன், உட்காரவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆரப்பாளையத்துக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய போன் ரிப்பேர்க் கடை. கடைக்காரர் முப்பது வயசு இருக்கும், டவுன்காரர், தொப்பி போட்டிருந்தார்.

"படம் வரல தம்பி, என்னன்னு பாருங்க" என்று பையில் இருந்து எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன்.

அவர் கையை நீட்டவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நெஞ்சுலயா வச்சுக் கொண்டாந்தீங்க? யா அல்லாஹ். ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். வெளியே படிக்கட்டில் ஒரு பெயிண்ட் டப்பாவில் மணல் வைத்திருந்தார். அதன் மேல் படுக்க வைத்தார். உள்ளே இருந்த பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. திரை ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது.

"எம்புட்டு நாளா சார்ஜர்ல கெடந்துச்சு?"

"எட்டு ஒம்பது மாசம் இருக்கும்."

"எடுக்காமயா?"

"எடுத்தா ஆஃப் ஆயிரும்ல."

அவர் சிரிக்கவில்லை. "வாரத்துக்கு ஒண்ணு இப்படி வருதுய்யா. பூஜை ரூம்ல மணி பாக்க வச்சது, தொட்டில்ல புள்ளையப் பாக்க வச்சது. போன் வேலை செய்யுதுன்னு நெனச்சு மறந்துடுறாங்க. பேட்டரின்னா ஒரு கவருதான் ஐயா. சார்ஜ நூறுலயே நிப்பாட்டி வச்சு, மேல வெக்கையும் சேந்தா உள்ள இருக்கிற மருந்து கெட்டு கேஸாகும். அதுக்கு வெளிய போக வழி கெடையாது. கவரு ஊதும். கொஞ்சங்கொஞ்சமா, மாசக்கணக்குல."

"வெடிச்சிருமா?"

"எல்லாம் வெடிக்காது. ஆனா அழுத்துனா, குத்துனா, திரும்ப சார்ஜ் போட்டா, உள்ள இருக்கிற தகடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருச்சுன்னா தீதான். எங்க வச்சிருந்தீங்க?"

"அட்டைப்பெட்டி கம்பெனியில."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பொடச்சது தெரிஞ்ச அன்னைக்கே பிளக்க எடுத்துட்டு, பக்கத்துல ஒண்ணும் இல்லாம வச்சிருக்கணும். அழுத்தவே கூடாது. கேமரா வேணும்னா கேமராவே வைங்க ஐயா. அதுக்குப் பேட்டரியே கெடையாது, நேரா கரண்டுல ஓடும்."

அழுத்தக் கூடாது. பக்கத்தில் ஒன்றும் இல்லாமல். இதே வார்த்தையை எனக்கு ஒருவன் சொல்லியிருந்தான். சொல்லியது மட்டும் இல்லை, அட்டைக் கட்டுகளை எல்லாம் எதிர்ச் சுவருக்கு மாற்றி, கீழே வெறும் தரையாக விட்டிருந்தான். நான்தான் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். இது இப்படி ஊதுனா, போன் தானாக் குனியுமா?" என்றேன். தாங்கி எப்படி இருந்தது என்று கையால் காட்டினேன்.

அவர் உடைந்த போன் ஒன்றை எடுத்து, அதன் காலை ஒரு டப்பாவில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, முதுகைச் சுவரில் சாய்த்தார். சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு துணியை மடித்துச் செருகினார். தலை முன்னால் வந்தது. இன்னொரு மடிப்பு. இன்னும் வந்தது. அந்தக் கேமரா இப்போது அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கால் பள்ளத்துல மாட்டியிருக்குல்ல, அப்ப தலதான வரும்" என்றார்.

பேட்டரியைக் குப்பைக்காரரிடம் போடக் கூடாது, இதை எடுக்கவென்றே ஆட்கள் வருவார்கள், அவர்களிடம் தானே கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார். நான் எதற்கும் தலையாட்டினேன். பஸ் ஸ்டாண்டு சத்தம் எல்லாம் தூரத்தில் கேட்டது.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கப்பலூரிலேயே வேறொரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவன் மனைவி சொன்னாள். இந்த வயசில். சோற்று வாளியை எடுத்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. நான் வேப்பமர நிழலில் நின்றே சொன்னேன். போன், பேட்டரி, கேஸ், துணி மடிப்பு எல்லாம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் நின்றுகொண்டு ஒருத்தனுக்கு விளக்கம் சொன்னது கிடையாது.

முழுதாகக் கேட்டான். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றுகூட அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தீ புடிக்கலேல்ல?" என்றான்.

"இல்ல."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலேல்ல?"

"இல்ல மாப்ள. நீ வா. சாவி அங்கேயே கெடக்கு."

"நீங்க கேட்டது பத்துப் பேரு முன்னாடி. சொல்லுறது வேப்பமரத்தடியில" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சரக்கு எண்ணிச் சொல்வது போலச் சொன்னான். "அவங்ககிட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வாரதும் வராததும் என் பாடு."

"சொல்லிருவேன். வந்துருவேல்ல?"

"நேரமாச்சு, போறேன்" என்று சைக்கிளில் ஏறினான்.

அவன் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று வரை வரவில்லை. ரோட்டில் பார்த்தால் நின்று கால் எப்படி இருக்கிறது என்று கேட்பான். அண்ணே என்றும் சொல்ல மாட்டான், மாப்ள என்றும் சொல்ல மாட்டான்.

ஆனால் நான் சொன்னேன். அதே பத்தரை மணிக்கு, அதே இடத்தில். வரும் வழி எல்லாம் காரில் வார்த்தை கோத்துக்கொண்டே வந்தேன். வங்கி மேனேஜரிடம் பேசியிருக்கிறேன், பெரிய மில் முதலாளிகளோடு சரிக்குச் சரி பேசி ஆர்டர் வாங்கியிருக்கிறேன், எனக்கு எங்கேயும் குரல் நடுங்கியது இல்லை. அன்று நடுங்கியது. பத்துப் பேரும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலே வெறும் தாங்கி மட்டும் இருந்தது. கேமரா குனிந்தது பேட்டரி ஊதியதால், அவன் கதவு வழியாக எதையும் கொண்டுபோகவில்லை, இந்தத் தகரத்துக்குக் கீழே இருந்தவர்களில் அந்த ஆபத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான், நான் சொன்னது தப்பு என்றேன்.

டேப் சுற்றியவன் தரையைப் பார்த்தான். பசை ஒட்டுகிற பெண்களில் மூத்தவள், என் வயசுக்குப் பக்கத்தில் இருப்பாள், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்ககிட்ட எதுக்குண்ணே சொல்லுறீக?" என்றாள். "நாங்க யாரும் நம்பலையே. நம்புனது நீங்க மட்டும்தான்."

பிறகு எழுந்து சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே மிஷினைப் போட்டுவிட்டார்கள்.